‘1 முதல் 249-க்குள் ஒரு நம்பர் சொல்லுங்க’: பிரசன்ன ஜோதிடத்தில் பதிலை முடிவு செய்வது யார்?

இன்டர்வியூ முடிந்து இரண்டு வாரம் ஆகிறது. ஹெச்.ஆர். பக்கத்திலிருந்து பதில் இல்லை. இப்போதிருக்கும் கம்பெனியில் பேப்பர் போடலாமா, காத்திருக்கலாமா என்ற குழப்பம். இந்த நிலையில் இருப்பவர்களில் பலர் ஜோதிடரை போனில் அழைக்கிறார்கள். பிறந்த தேதி, நேரம் எதையும் கேட்காமல், “மனசுல கேள்வியை நினைச்சுக்கிட்டு 1-லிருந்து 249-க்குள்ள ஒரு நம்பர் சொல்லுங்க” என்கிறார் அவர். சில நிமிடங்களில் “கிடைக்கும்” அல்லது “கிடைக்காது” என்று பதில் வந்துவிடுகிறது.

இதுதான் பிரசன்னம். பிறந்த நேரத்து ஜாதகத்தை விட்டுவிட்டு, கேள்வி கேட்கப்பட்ட நேரத்துக்கு ஒரு ஜாதகம் போட்டு, அந்த ஒரு கேள்விக்கு மட்டும் பதில் சொல்லும் முறை. தமிழில் ஆரூடம் என்றும் சொல்வார்கள். கேரளத்தில் கோயில் விவகாரங்களுக்கு தேவபிரசன்னம் பார்ப்பதும், வெற்றிலையை வைத்து தாம்பூல பிரசன்னம் பார்ப்பதும், சோழி போட்டுப் பார்ப்பதும் இதன் கிளைகளே. ஆனால் இன்று போனில் அதிகம் புழங்கும் ‘249 நம்பர்’ முறை பழைய ஓலைச்சுவடியிலிருந்து வந்ததல்ல. கே.பி. என்று சுருக்கமாக அழைக்கப்படும் கிருஷ்ணமூர்த்தி பத்ததியிலிருந்து வந்தது. அதை வகுத்த கே.எஸ்.கிருஷ்ணமூர்த்தி (1908–1972) தமிழ்நாட்டைச் சேர்ந்தவர்.

நம்பிக்கை இருக்கிறதா, இல்லையா என்ற சண்டையைக் கொஞ்சம் தள்ளி வைக்கலாம். அதைவிட அடிப்படையான ஒரு கேள்வி இருக்கிறது. இந்த முறையை அதன் சொந்த விதிகளின்படியே போட்டுப் பார்த்தால், ஒரு ஜாதகத்துக்கு ஒரே பதில்தான் வருமா? ஒரு வேலையை விடுவதும் விடாததும் அந்தப் பதிலில் தொங்கும்போது, இதைத் தெரிந்துகொள்ளத்தான் வேண்டும்.

249 எங்கிருந்து வந்தது?

கணக்கு எளிதானது. ராசிச் சக்கரம் 360 பாகை. அதில் 27 நட்சத்திரங்கள், ஒவ்வொன்றும் 13 பாகை 20 கலை (60 கலை சேர்ந்தது ஒரு பாகை). கே.பி. முறை ஒவ்வொரு நட்சத்திரத்தையும் மீண்டும் ஒன்பது துண்டாக வெட்டுகிறது. இந்தத் துண்டுகள் சமமாக இருக்காது. விம்சோத்தரி தசையில் ஒவ்வொரு கிரகத்துக்கும் எத்தனை வருடமோ, அந்த விகிதத்தில்தான் துண்டின் அளவு. 20 வருட தசை உள்ள சுக்கிரனுக்கு 2 பாகை 13 கலைக்குக் கொஞ்சம் அதிகம். 6 வருடம் உள்ள சூரியனுக்கு வெறும் 40 கலை. துண்டுக்குச் சொந்தக்காரரான கிரகத்தை ‘உப நட்சத்திர அதிபதி’ என்பார்கள். சுருக்கமாக, உப அதிபதி.

27-ஐ 9-ஆல் பெருக்கினால் 243. இவற்றில் ஆறு துண்டுகள் ஒரு ராசியில் தொடங்கி அடுத்த ராசியில் முடிகின்றன. அவற்றை ராசி எல்லையில் இரண்டாக உடைத்தால் கூடுதலாக ஆறு. மொத்தம் 249.

கேட்பவர் சொல்லும் நம்பர் இந்த 249 துண்டுகளில் ஒன்றைக் காட்டுகிறது. அந்தத் துண்டு தொடங்கும் இடம்தான் லக்னம். லக்னமும் ஊரும் தெரிந்துவிட்டால் மற்ற 11 பாவங்களும் எங்கே தொடங்குகின்றன என்று கணக்குப் போட்டுவிடலாம். கிரகங்களை மட்டும் கேள்வியை எடுத்துப் பார்க்கும் அந்த நேரத்தின்படி வைக்கிறார்கள். அதாவது, வீடுகளைக் கட்டுவது நம்பர். அதில் குடியிருப்பவர்களை அனுப்புவது நேரம்.

நேரம் இருக்கும்போது நம்பர் எதற்கு?

கேட்ட நேரத்தின் லக்னத்தையே எடுத்துக்கொள்ளும் முறையும் உண்டு. அதில் ஒரு சிக்கல். லக்னம் ஒரு ராசியைக் கடக்க ஏறத்தாழ 2 மணி நேரம் ஆகும். ஒரு பாகைக்குச் சராசரியாக 4 நிமிடம். அப்படியென்றால் சூரியனின் சின்னத் துண்டு மூன்று நிமிடத்துக்குள் கடந்துவிடும். சுக்கிரனின் பெரிய துண்டே சுமார் 9 நிமிடம்தான்.

இப்போது போன் கால் ஒன்றை யோசித்துப் பார்க்கலாம். கேள்வி கேட்பவர் மனதில் எழுந்தது காலை 9 மணிக்கு. போன் செய்தது 10.20-க்கு. ‘லைன்ல இருங்க’ என்று ஐந்து நிமிடம். விஷயத்தை விளக்கிச் சொல்ல மூன்று நிமிடம். இதில் எது ‘கேட்ட நேரம்’? கேட்பவர் பெங்களூருவிலும் ஜோதிடர் சென்னையிலும் இருந்தால் எந்த ஊருக்கு லக்னம் போடுவது? கே.பி. வழக்கத்தில் ஜோதிடர் கேள்வியைக் கையில் எடுக்கும் நேரமும், அவர் இருக்கும் இடமும்தான் கணக்கு. அப்படியானால் ஜோதிடர் ஒரு காபி குடித்துவிட்டு வந்தால் லக்னத்தின் உப அதிபதி மாறிவிடுவார்.

ஒரே மணி நேரத்தில் பத்துப் பேர் கேட்டால் கிட்டத்தட்ட ஒரே லக்னம் வந்துவிடும் என்ற சங்கடமும் உண்டு. இந்த இரண்டையும் நம்பர் தீர்த்துவைக்கிறது. நேரம் சில நிமிடம் தவறினாலும் வீடுகள் அசையாது. முறை என்ற அளவில் இது புத்திசாலித்தனமான ஏற்பாடு என்பதை ஒப்புக்கொள்ளலாம்.

ஆனால், பிரச்சினை இடம் மாறியதே தவிர, போகவில்லை. மனிதர்கள் நம்பரைக் குலுக்கல் முறையில் சொல்வதில்லை. பிடித்த நம்பர், ராசி நம்பர், பிறந்த தேதி என்றுதான் வாயில் வரும். மேஷ ராசிக்குள் வருபவை 1 முதல் 22 வரை. ரிஷபத்துக்குள் வருபவை 23 முதல் 41 வரை. அப்படியென்றால், பிறந்த தேதியை நம்பராகச் சொல்லும் எல்லோருக்கும் மேஷ லக்னம் அல்லது ரிஷப லக்னம்தான். மீதி பத்து ராசிக்கும் அவர்கள் கேள்வி போகவே போகாது. ‘அந்த நொடியில் பிரபஞ்சம் உங்கள் வாயில் வைத்த எண்’ என்று சொல்லப்படுவது, பல நேரம் ஆதார் கார்டில் இருக்கும் எண்தான்.

ஒரு கேள்வியைப் போட்டுப் பார்த்தால்...

விதிகள் எப்படி வேலை செய்கின்றன என்று பார்க்க ஒரு கற்பனைக் கேள்வியை எடுத்துக்கொள்ளலாம். சென்னை, 2025 செப்டம்பர் 1. கேள்வி: ‘இன்டர்வியூ போன அந்த வேலை எனக்குக் கிடைக்குமா?’ சொன்ன நம்பர் 7.

ஏழாவது துண்டு அஸ்வினி நட்சத்திரத்தில் குருவின் துண்டு. மேஷத்தில் 7 பாகை 33 கலையில் தொடங்குகிறது. அதுதான் லக்னம். சென்னைக்குக் கணக்குப் போட்டால் 10-ஆம் பாவம், அதாவது தொழில் ஸ்தானம், மகர ராசியின் தொடக்கத்தில் விழுகிறது. அந்தப் புள்ளி உத்திராடம் நட்சத்திரத்தில் ராகுவின் துண்டுக்குள் இருக்கிறது. எனவே, வேலை பற்றிய கேள்விக்குத் தீர்ப்புச் சொல்ல வேண்டியவர் ராகு.

விதி இதுதான். வேலைக்குச் சாதகமான பாவங்கள் 2 (வருமானம்), 6 (பணி), 10 (தொழில்), 11 (விருப்பம் நிறைவேறுதல்). ஒரு பாவத்துக்கு அதன் 12-ஆம் இடம் விரயம் என்பதால் 2, 6, 10-க்கு விரயமான 1, 5, 9 ஆகியவை பாதகம். 12-ஆம் பாவமும் இழப்புதான். தீர்ப்புச் சொல்லும் கிரகம் எந்தப் பாவங்களைக் காட்டுகிறதோ, அதை வைத்துப் பதில். கே.பி.யின் முக்கியமான விதி இன்னொன்று: ஒரு கிரகம் தான் இருக்கும் வீட்டைவிட, தான் நிற்கும் நட்சத்திரத்தின் அதிபதி இருக்கும் வீட்டைத்தான் பலமாகக் காட்டும்.

அன்று ராகு கும்ப ராசியில், பூரட்டாதி நட்சத்திரத்தில். பூரட்டாதியின் அதிபதி குரு. குரு இந்த ஜாதகத்தில் 3-ஆம் பாவத்தில், மிதுனத்தில் இருக்கிறார். தனுசுக்கும் மீனத்துக்கும் சொந்தக்காரர் என்பதால் 9-க்கும் 12-க்கும் அதிபதி. போதாததற்கு, மிதுனத்திலிருந்து குருவின் ஒன்பதாம் பார்வையும் ராகு மேல் விழுகிறது. 3, 9, 12 என்று வருவதால் முதல் ஜோதிடரின் பதில்: “இந்த வேலை அமையாதுங்க.”

இரண்டாவது ஜோதிடர் அதே ஜாதகத்தைப் பார்க்கிறார். ராகு நிழல் கிரகம். அவருக்குச் சொந்த வீடு கிடையாது. எனவே, நின்ற ராசியின் அதிபதிக்காகவும் வேலை செய்வார் என்பது கே.பி. விதி. கும்பத்தின் அதிபதி சனி. சனி இங்கே 10-க்கும் 11-க்கும் அதிபதி. ராகு உட்கார்ந்திருப்பதும் 11-ஆம் பாவத்தில். 10, 11 என்று வருகிறது. பதில்: “கண்டிப்பா கிடைக்கும்.”

மூன்றாவது ஜோதிடர் இரண்டையும் கூட்டுகிறார். 11 இருக்கிறது, 12-உம் இருக்கிறது. சனியே 12-இல்தான் உட்கார்ந்திருக்கிறார். பதில்: “கிடைக்கும், ஆனா கொஞ்சம் தாமதமாகும்.”

மூன்று பேரும் ஏமாற்றவில்லை. மூன்று பேரும் விதிப்படிதான் பார்த்தார்கள். விதிகளை எந்த வரிசையில், எவ்வளவு எடை கொடுத்துப் பயன்படுத்துவது என்பதில்தான் வித்தியாசம். நட்சத்திர அதிபதிக்கே முன்னுரிமை என்று கறாராகப் பிடித்தால் ‘இல்லை’ என்பதுதான் வலுவான பதில். ஆனால் எதிரே இருப்பவர் பதற்றமாகக் கேட்கும்போது அந்தக் கறார் எவ்வளவு நேரம் நிற்கும்?

இதே நாளில் இவர் 7-க்குப் பதில் 8 என்று சொல்லியிருந்தால், 10-ஆம் பாவத்தின் உப அதிபதி ராகுவிலிருந்து குருவுக்கு மாறியிருப்பார். குரு நிற்பது தன் சொந்த நட்சத்திரமான புனர்பூசத்தில். 3, 9, 12 மட்டுமே. விவாதத்துக்கே இடமில்லாத ‘இல்லை’. வாயில் வந்த ஒரு எண், இரண்டாவது ஜோதிடரின் வாதத்தையே அழித்துவிடுகிறது.

திரும்பக் கேட்டால் என்ன ஆகும்?

இதே நபர் 2026 ஜனவரி 1 அன்று அதே கேள்வியை, அதே 7 என்ற நம்பரைச் சொல்லிக் கேட்கிறார் என்று வைத்துக்கொள்வோம். நம்பர் ஒன்றே என்பதால் வீடுகள் மாறாது. தீர்ப்புச் சொல்பவரும் அதே ராகுதான். ஆனால் ராகு இப்போது பூரட்டாதியை விட்டு சதயத்துக்கு வந்துவிட்டார். சதயம் ராகுவின் சொந்த நட்சத்திரம். குருவின் நட்சத்திரத்தில் நின்றதால் வந்த 3, 9, 12 இப்போது பின்னுக்குப் போய், ராகு உட்கார்ந்திருக்கும் 11 முன்னுக்கு வருகிறது. நான்கு மாதத்துக்கு முன் ‘இல்லை’ என்ற முதல் ஜோதிடரே இப்போது ‘ஆமாம்’ பக்கம் சாய வேண்டியிருக்கும்.

இதனால்தான் ஒரு கேள்வியை ஒரு முறைதான் கேட்க வேண்டும், மனதில் உண்மையான தவிப்பு இருக்கும்போதுதான் கேட்க வேண்டும், சோதித்துப் பார்க்கக் கேட்கக் கூடாது என்று பிரசன்னம் பார்ப்பவர்கள் காலங்காலமாகச் சொல்லிவருகிறார்கள். கேட்கும் நேரம்தான் பதிலைத் தருகிறது என்றால், நேரத்தைத் தேர்ந்தெடுப்பவர் பதிலையும் தேர்ந்தெடுக்கலாம். அந்த ஓட்டையை அடைக்கத்தான் இந்தக் கட்டுப்பாடு.

நிமிடத்துக்கு இவ்வளவு என்று காசு வாங்கும் போன் ஜோதிடத்தில் முதலில் காணாமல் போவது இந்தக் கட்டுப்பாடுதான். ஒருவர் ‘இல்லை’ என்றால் இன்னொருவரிடம் கேட்பது சாதாரணமாகிவிட்டது. கணக்குப் போட்டுப் பார்க்கலாம். ஜோதிடர் ஒவ்வொருவரும் வெறுமனே காசு சுண்டிப் பதில் சொன்னாலும், மூன்று பேரிடம் கேட்டால் அதில் ஒருவராவது ‘ஆமாம்’ என்று சொல்ல எட்டில் ஏழு வாய்ப்பு உண்டு. கேட்பவர் மனதில் தங்குவது அந்த ஒரு ‘ஆமாம்’தான். அதை நம்பித்தான் ராஜினாமா கடிதம் டைப் ஆகிறது.

‘ஆனா எனக்கு பலிச்சுதே?’

பலித்திருக்கலாம். ஆனால் எதோடு ஒப்பிட்டு என்பதுதான் விஷயம். கடைசி ரவுண்டு முடிந்து சம்பளப் பேச்சுவார்த்தை வரை போன ஒருவர் கேட்கிறார் என்றால், ஜாதகமே பார்க்காமல் ‘கிடைக்கும்’ என்று சொன்னாலே பெரும்பாலும் சரியாகத்தான் இருக்கும். இரண்டு மாதமாக பதில் வராதவருக்கு ‘கிடைக்காது’ என்று சொல்வதும் அப்படித்தான். கேள்வியை விளக்கும்போதே கேட்பவர் இந்த விவரங்களையெல்லாம் ஜோதிடரிடம் கொட்டிவிடுகிறார். அனுபவமுள்ள ஜோதிடர் எந்த விதிக்கு எடை கொடுப்பது என்று முடிவு செய்யும்போது, அந்த விவரங்களும் சேர்ந்துதான் முடிவு செய்கின்றன. அவருக்கே தெரியாமல்கூட.

ஜோதிடத்தைச் சோதித்துப் பார்த்த ஆய்வும் இந்தியாவில் உண்டு. வானியல் அறிஞர் ஜெயந்த் நார்லிகர் குழுவின் ஆய்வு 2009-இல் ‘கரன்ட் சயின்ஸ்’ இதழில் வெளியானது. நன்றாகப் படிக்கும் பிள்ளைகளின் ஜாதகங்களையும் மனவளர்ச்சி குன்றிய பிள்ளைகளின் ஜாதகங்களையும் கலந்து கொடுத்து, எது யாருடையது என்று சொல்லச் சொன்னார்கள். பதில் அனுப்பிய 27 ஜோதிடர்களின் சராசரி வெற்றி 46 சதவீதம். காசு சுண்டினாலே 50 வரும். இது பிறப்பு ஜாதகத்தை வைத்து நடந்த சோதனை; பிரசன்னத்தைப் பற்றியது அல்ல. ‘அதனால பிரசன்னத்துக்கு இது பொருந்தாது’ என்று சொல்பவர்களின் வாதத்தில் நியாயம் இருக்கிறது.

ஆனால் அந்த வாதம் பிரசன்னத்துக்குத்தான் அதிகப் பொறுப்பைக் கொடுக்கிறது. பிறப்பு ஜாதகப் பலன் சரியா என்று பார்க்க பல வருடம் காத்திருக்க வேண்டும். பிரசன்னத்தில் கேள்வி ஒன்று, பதில் ஆமாம் அல்லது இல்லை, முடிவு சில வாரங்களில் தெரிந்துவிடும். ஜோதிட முறைகளிலேயே சரிபார்க்க மிகச் சுலபமானது இதுதான். ஒரு ஜோதிடர் தான் சொன்ன நூறு பதில்களை, சொன்ன அன்றே எழுதிவைத்து, பிறகு நடந்ததோடு ஒப்பிட்டு வெளியிட்டால் போதும். ‘பலித்த கதை’கள் கிடைக்கும் அளவுக்கு இந்தப் பட்டியல்கள் கிடைப்பதில்லை.

விதி முதலில், நம்பர் பிறகு

பிரசன்னம் கேட்பதும் கேட்காததும் அவரவர் விருப்பம். ஆனால் கேட்பவர், நம்பர் சொல்வதற்கு முன்பே ஜோதிடரிடம் வாங்கிவைக்க வேண்டியவை மூன்று. எந்தப் பாவத்தின் உப அதிபதியை வைத்துப் பார்க்கப்போகிறார்? சாதகமும் பாதகமும் சேர்ந்து வந்தால் எதற்கு முன்னுரிமை? பதிலில் ‘ஆமாம்’ என்றால் எந்தத் தேதிக்குள்? ஜாதகம் கண்ணில் படுவதற்கு முன்பே இவை எழுத்தில் இருந்தால், மேலே பார்த்த மூன்று ஜோதிடர்களும் மூன்று பதில் சொல்லியிருக்க முடியாது. “அதெல்லாம் முன்னாடியே சொல்ல முடியாது, ஜாதகத்தைப் பார்த்துத்தான் சொல்லணும்” என்று பதில் வந்தால், முடிவு எங்கே எடுக்கப்படுகிறது என்பது கேட்பவருக்குப் புரிந்துவிடும்.

‘தாமதமாகும்’ என்ற பதிலுக்குத் தேதி கேட்பது இன்னும் முக்கியம். தேதி இல்லாத தாமதம் எந்தக் காலத்திலும் பொய்யாகாது. இந்த வேலை கிடைக்காமல் அடுத்த வருடம் வேறு வேலை கிடைத்தாலும் அதுவும் ‘பலித்தது’ கணக்கில்தான் சேரும்.

அந்தக் கற்பனை இளைஞரின் ஜாதகத்தில் ராகு செப்டம்பரிலும் ராகுதான், ஜனவரியிலும் ராகுதான். ஆபர் லெட்டர் வருமா, வராதா என்பது அந்த நான்கு மாதத்தில் ஏதோ ஒரு ஹெச்.ஆர். மேஜையில் முடிவாகியிருக்கும். அது கைக்கு வரும்வரை, நம்பர் 7 என்ன சொன்னாலும், பேப்பர் போடாமல் இருப்பதுதான் அவருக்குப் பாதுகாப்பு.